இணையம் மேகத்தில் இல்லை: கம்பிகளும் திசைவிகளும்
(உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான சிற்றுரை)



"என் படங்களெல்லாம் கிளவுடில் இருக்கின்றன" என்று பலரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கிளவுட் என்றால் மேகம். இந்தப் பெயர் பொறியாளர்களின் வரைபடங்களிலிருந்து வந்தது. ஒரு வலையமைப்பின் உட்பகுதியை விரிவாகக் காட்டத் தேவையில்லாதபோது, அந்த இடத்தில் ஒரு மேகத்தை வரைந்துவிடுவது அவர்கள் வழக்கம். அந்த மேகத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை இன்று பார்ப்போம்.

ஒரு செய்தியின் பயணம்

சென்னையில் இருக்கும் ஒரு மாணவி, சிங்கப்பூரில் உள்ள ஒரு கணினியிலிருந்து ஒரு படத்தைக் கேட்கிறாள் என்று கொள்வோம். அவளுடைய கைப்பேசியிலிருந்து அருகிலுள்ள கோபுரம் வரைதான் செய்தி காற்றில் செல்கிறது. கோபுரத்தின் அடியிலிருந்து பல இடங்களில் ஒளியிழைக் கம்பி தொடங்கிவிடும். ஒளியிழை என்பது தலைமுடி அளவே தடிமன் உள்ள கண்ணாடி இழை. அதன் வழியாகச் செய்தி ஒளித் துடிப்புகளாக ஓடுகிறது.

அந்தக் கம்பி நகரத் தெருக்களின் அடியில் சென்று, கடற்கரையை ஒட்டிய ஒரு கட்டடத்தை அடைகிறது. கடலடி வடம் கரையேறும் நிலையம் அது. அங்கிருந்து வங்கக் கடலின் அடியில் ஏறத்தாழ 3,200 கி.மீ. நீளமுள்ள வடம் சிங்கப்பூர் வரை போகிறது. ஆழ்கடலில் இந்த வடம் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயின் பருமனே இருக்கும். கரைக்கு அருகில் மட்டும் நங்கூரத்துக்கும் மீன் வலைக்கும் தாங்குவதற்காக இரும்புக் கம்பிகள் சுற்றியிருப்பார்கள். ஒளி செல்லச் செல்ல மங்கும் என்பதால், ஏறத்தாழ 60 முதல் 100 கி.மீ.க்கு ஒன்றாக அதைப் பெருக்கும் கருவிகளை வடத்திலேயே பொருத்தியிருக்கிறார்கள். அவற்றுக்கு வேண்டிய மின்சாரமும் கரையிலிருந்து அதே வடத்தின் செம்பு உறை வழியாகவே போகிறது.

திசைவி செய்யும் வேலை

கம்பிகள் சந்திக்கும் இடங்களில் ரூட்டர் என்னும் திசைவி இருக்கிறது. அனுப்பும் படம் முழுதாகப் போவதில்லை. சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து போகிறது. ஒரு பொதியில் பொதுவாக 1,500 பைட்டுகள் வரை இருக்கும். ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் சேர வேண்டிய முகவரி இருக்கும். திசைவி அந்த முகவரியைப் படித்துத் தன்னிடமுள்ள அட்டவணையைப் பார்த்து, அடுத்து எந்தக் கம்பியில் அனுப்புவது என்று முடிவு செய்கிறது. முழுப் பாதையும் அதற்குத் தெரியாது. அடுத்த படி மட்டுமே தெரியும்.

பொதியின் தலைப்பில் ஒரு ஆயுள் எண்ணும் உண்டு. ஒவ்வொரு திசைவியும் அதில் ஒன்றைக் கழிக்கும். எண் சுழியமானால், அந்தத் திசைவி பொதியை நிறுத்திவிட்டு, அனுப்பியவருக்கு ஒரு தகவல் அனுப்பும். வழி தவறிய பொதிகள் முடிவில்லாமல் சுற்றாமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

நாமே கண்டறியலாம்

இந்த ஆயுள் எண்ணைக் கொண்டே பாதையைக் கண்டறியலாம். முதலில் ஆயுள் 1 என்று அனுப்பினால் முதல் திசைவி பதில் தரும். 2 என்றால் இரண்டாவது பதில் தரும். விண்டோஸ் கணினியில் `tracert` என்ற கட்டளை இதைச் செய்கிறது. லினக்ஸில் இதன் பெயர் `traceroute`. விளக்கத்துக்காக நான் அமைத்த, சற்றுச் சுருக்கிய மாதிரி இது:

```
tracert -d 203.0.113.10
 1    2 ms  192.168.1.1
 2    6 ms  10.20.0.1
 3    8 ms  198.51.100.1
 4    *     Request timed out.
 5   41 ms  203.0.113.1
 6   42 ms  203.0.113.10
```

முதல் வரி உங்கள் வீட்டுத் திசைவி. `ms` என்பது மில்லி நொடி. பொதி போய்ப் பதில் திரும்பி வர ஆன நேரம் அது. நான்காவது வரியில் உள்ள நட்சத்திரக் குறியைப் பார்த்துக் கம்பி அறுந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். சில திசைவிகள் இத்தகைய கேள்விக்குப் பதில் தருவதில்லை. அதற்கடுத்த வரிகளில் பதில் வந்திருப்பதால் பாதை நன்றாகவே இருக்கிறது.

இப்போது 8 என்ற எண் 41 ஆகத் தாவுவதைக் கவனியுங்கள். கூடுதல் நேரம் 33 மில்லி நொடி. போகும் வழிக்கு மட்டும் அதில் பாதி, 16.5 மில்லி நொடி. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. செல்லும். அதாவது மில்லி நொடிக்கு 200 கி.மீ. ஆகவே 16.5 × 200 = 3,300 கி.மீ. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான வடத்தின் நீளத்தை இது நெருங்கிவிடுகிறது அல்லவா? திசைவிகள் எடுத்துக்கொள்ளும் சிறு நேரமும் இதில் கலந்திருப்பதால், உண்மைத் தூரம் பொதுவாக இந்த விடையைவிடக் குறைவாகவே இருக்கும்.

செயற்கைக்கோள் வழியாகப் போயிருந்தால்? புவிநிலைச் செயற்கைக்கோள் 36,000 கி.மீ. உயரத்தில் உள்ளது. கேள்வி ஏறி இறங்க வேண்டும். பதிலும் ஏறி இறங்க வேண்டும். மொத்தம் 1,44,000 கி.மீ. வெளியில் ஒளியின் வேகம் நொடிக்கு 3,00,000 கி.மீ. என்பதால் 480 மில்லி நொடி ஆகும். 42 மில்லி நொடியில் பதில் வந்தால், அது இந்தச் செயற்கைக்கோள் வழியாக வரவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். இப்போது மிகத் தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள்களும் உள்ளன. அவற்றில் தாமதம் குறைவு. ஆனாலும் அவை தரையிலுள்ள நிலையத்தில் இறங்கி இதே கம்பிகளோடுதான் சேர்கின்றன.

கம்பி அறுந்தால்

பசிபிக் கடலில் டோங்கா என்ற தீவு நாடு உள்ளது. மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். அந்நாட்டை உலகோடு இணைத்தது பிஜிக்குச் செல்லும் 827 கி.மீ. நீளமுள்ள ஒரே ஒரு கடலடி வடம். 2022 ஜனவரி 15 அன்று அங்கே கடலடி எரிமலை வெடித்தது. வடம் துண்டுபட்டது. நாட்டில் கணினிகளும் கைப்பேசிகளும் இருந்தன. ஆனால் வெளிநாட்டிலிருந்த உறவினருக்கு, "உயிரோடு இருக்கிறோம்" என்று சொல்லக்கூட வழியில்லை. முதலில் செயற்கைக்கோள் வழியாகச் சிறிதளவு தொடர்பு மட்டுமே மீண்டது. பழுதுபார்க்கும் கப்பல் ஒன்று வந்து, அறுந்த முனைகளைக் கடலடியிலிருந்து தூக்கி எடுத்து, புது வடத்தை இடையில் சேர்த்தது. தலைமைத் தீவுக்கு இணைப்புத் திரும்பிய நாள் பிப்ரவரி 22. ஐந்து வாரங்களுக்கு மேல் ஆகிவிட்டது.

2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இரண்டு வடங்கள் அறுந்தன. அப்போது இந்தியாவில் இணையம் மிகவும் மெதுவானதே தவிர, முழுவதும் நிற்கவில்லை. காரணம், நமக்குக் கிழக்குப் பக்கமும் வடங்கள் இருந்தன. மேற்கு வழி அடைபட்டதும் திசைவிகளின் அட்டவணைகள் மாறின. பொதிகள் கிழக்கு வழியாகச் சுற்றிப் போயின. டோங்காவிலும் திசைவிகள் இருந்தன. ஆனால் திருப்பிவிட இரண்டாவது கம்பி இல்லை.

உங்கள் படங்கள் இருக்கும் "மேகமும்" இத்தகைய கம்பிகளின் மறுமுனையில், ஒரு கட்டடத்தில், மின்சாரத்தில் ஓடும் கணினிகளே. வீட்டுக்குப் போனதும் ஏதேனும் ஓர் இணையத்தளத்தின் பெயரைத் `tracert` கட்டளையோடு தட்டச்சு செய்து பாருங்கள். எண் எந்த வரியில் தாவுகிறது என்று குறித்து, அதன் தூரத்தைக் கணக்கிட்டுக் கொண்டு வாருங்கள். சில தளங்களுக்குத் தாவலே இராது. அவை தம் பக்கங்களின் நகலை நம் ஊருக்கு அருகிலேயே வைத்திருக்கின்றன என்பது அதன் பொருள்.