குழம்பு தப்பிக்கும், பச்சடி மாட்டிக்கொள்ளும்

ஞாயிறு மதியம் கோழி பிரியாணி, தொட்டுக்கொள்ள வெங்காயத் தயிர்ப் பச்சடி. செவ்வாய்க்கிழமை வீட்டில் இரண்டு பேருக்குக் காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. உடனே, "கறி சரியா வேகல" என்று பேச்சு எழும். கோழியின் உட்புறம் 74 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட்டால் அதிலுள்ள நோய்க்கிருமிகள் செத்துவிடும். நன்றாக தம் போட்ட பிரியாணியில் கறி அந்தச் சூட்டைத் தாண்டித்தான் வெந்திருக்கும். சந்தேகப்பட வேண்டியது பச்சடியைத்தான். கோழி வெட்டிய பலகையைத் தண்ணீரில் அலசிவிட்டு அதிலேயே வெங்காயம் நறுக்கியிருந்தால், கறியிலிருந்த கிருமி வெங்காயத்தில் ஏறி, அடுப்பையே பார்க்காமல் நேராக வயிற்றுக்குப் போய்விடும்.

பச்சைக் கோழியில் அதிகம் காணப்படுபவை சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் என்ற இரண்டு பாக்டீரியாக்கள். இவை இருப்பதை நிறத்தைப் பார்த்தோ, முகர்ந்து பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது. ஃப்ரீசரில் வைத்தாலும் முழுவதும் சாகாது. மஞ்சள்தூளும் உப்பும் போட்டுக் கழுவினால் கவிச்சி வாடை குறையலாம், கிருமி போய்விடாது. கேம்பிலோபாக்டர் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாள் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, திங்கட்கிழமை ஓட்டலில் தின்ற வடையைத் திட்டிக்கொண்டிருப்போம்.

கழுவுவதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறை 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. தீங்கில்லாத, தடம் காணக்கூடிய பாக்டீரியாவைக் கோழித்துண்டுகளில் பூசிக் கொடுத்து, கோழியும் சாலடும் செய்யச் சொன்னார்கள். கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் சிங்க்கில் பின்னர் அந்தப் பாக்டீரியா கிடைத்தது. 26 சதவீதம் பேரின் சாலட் கீரைக்கும் அது போய்ச் சேர்ந்திருந்தது. கழுவாதவர்களும் தப்பவில்லை. அவர்களில் 31 சதவீதம் பேரின் கீரையிலும் அது இருந்தது. ஆக, தண்ணீர் தெறிப்பது ஒரு வழி என்றால், சரியாகக் கழுவாத கை இன்னொரு வழி.

இரண்டு பேர் நின்றால் இடிக்கும் சமையலறையில் கறிக்கென்று தனி மேடை ஒதுக்க முடியாது. ஆனால் வேலையின் வரிசையை மாற்ற முடியும். பச்சையாகச் சாப்பிடப்போகும் வெங்காயம், வெள்ளரி, கொத்தமல்லி, எலுமிச்சை ஆகியவற்றை முதலில் கழுவி நறுக்கி, மூடி, எட்ட வைத்துவிடுங்கள். அடுத்து, வதக்கப்போகும் தக்காளியையும் வெங்காயத்தையும் நறுக்குங்கள். மிளகாய்த்தூள், மல்லித்தூள், உப்பு, தயிர், இஞ்சி பூண்டு விழுது எல்லாவற்றையும் வேண்டிய அளவு ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். சிங்க்கில் கிடக்கும் தட்டு, டம்ளர்களை அப்புறப்படுத்துங்கள். கறிப் பொட்டலத்தைப் பிரிப்பது அதற்குப் பிறகுதான்.

மசாலாவை முன்கூட்டியே எடுத்து வைக்கக் காரணம் இருக்கிறது. கறியைப் பிசையும்போது உப்புப் போதாது என்று தோன்றும்; அதே கையால் உப்பு ஜாடியைத் திறப்போம். கோழி சட்டிக்குள் போய் வெந்துவிடும், ஜாடி மூடியில் ஒட்டியது அங்கேயே இருக்கும். காய்ந்த இடத்திலும் சால்மொனெல்லா நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். குழாய்த் திருகும் கைத்துணியும் இப்படித்தான் கெடுகின்றன.

கறியைக் கடையிலேயே சுத்தம் செய்து, துண்டு போட்டு வாங்கினால் வீட்டில் பலகைக்கே வேலையில்லை. கழுவாமல் மனம் ஒப்பவில்லை என்றால், குழாயடியில் பிடிக்காதீர்கள். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, கறியை மெதுவாக அலசி, தண்ணீரைத் தெறிக்காமல் சாய்த்து ஊற்றுங்கள். ஃப்ரிட்ஜில் வைப்பதானால் கடைப் பையோடு வைக்காமல் மூடியுள்ள பாத்திரத்தில் போட்டு அடித்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் வடியும் நீர் கீழே இருக்கும் கொத்தமல்லியில்தான் சொட்டும்.

வேலை முடிந்ததும் பலகை, கத்தி, சிங்க், குழாய்த் திருகு எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு, மணமில்லாத பிளீச்சை ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கலந்து, அவற்றின்மேல் ஊற்றிச் சில நிமிடம் விட்டு அலசலாம். பிசுக்கு இருக்கும்போது பிளீச் சரியாக வேலை செய்யாது. அதனால் சோப்புதான் முதலில். பிளீச்சோடு வினிகரையோ வேறு கழுவு திரவத்தையோ கலக்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். கழுவிய பலகையை நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள். கையை 20 விநாடி சோப்பால் தேய்த்துக் கழுவுங்கள்.

இன்னொரு பலகை வாங்க முடிந்தால், அதைக் கறிக்கென்றே ஒதுக்கி, வேறு நிறத்தில் வாங்குங்கள். சமைப்பவர் யாராக இருந்தாலும் குழப்பம் வராது. கத்திக் கீறல்கள் ஆழமாகி, தேய்த்தும் அழுக்குப் போகாத பலகையைத் தூக்கி எறிந்துவிடுங்கள். கறிப் பலகை பழசானால் காய்க்குப் பயன்படுத்தலாம் என்று எடுத்துவைக்க வேண்டாம்.