ஒரு பத்தியை நான்கு நிலைகளாக விரிப்பது

எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர் ஒருவர், ஊர்க் குளத்தை நேரில் பார்த்து அறிக்கை எழுதி வரும்படி மாணவர்களிடம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வளரறி மதிப்பீட்டில் இதற்குப் பத்து மதிப்பெண். எதைப் பார்த்து மதிப்பெண் போடுவார் என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்:

“அறிக்கையில் நேரில் பார்த்த தகவல்கள் போதுமான அளவு இருக்க வேண்டும். அவற்றிலிருந்து காரணத்தோடு ஒரு முடிவு சொல்ல வேண்டும். தெளிவாகவும் பிழையின்றியும் எழுத வேண்டும். சொந்த முயற்சி தெரிய வேண்டும். உரிய நாளில் ஒப்படைக்க வேண்டும்.”

படிக்கும்போது இதில் குறை தெரியாது. முப்பது அறிக்கைகள் மேசைக்கு வந்த பிறகுதான் சிக்கல் தொடங்கும். “போதுமான” என்றால் எவ்வளவு? ஒருத்திக்கு ஆறும் இன்னொருவனுக்கு எட்டும் ஏன் என்று கேட்டால், இந்தப் பத்தியைக் காட்டி ஆசிரியரால் பதில் சொல்ல முடியாது. ரூப்ரிக் எனப்படும் மதிப்பீட்டு அட்டவணை இதற்காகத்தான். அதன் இடது ஓரத்தில் எதைப் பார்க்கிறோம் என்ற கூறுகளும், மேல் வரிசையில் தர நிலைகளும் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நிலையில் உள்ள வேலை எப்படி இருக்கும் என்ற விவரிப்பு இருக்கும்.

முதல் வேலை, பத்தியைப் பிரிப்பது. ஒவ்வொரு வாக்கியத்திலும் எதைப் பார்க்கிறோம் என்பதும் அது எவ்வளவு நன்றாக இருக்க வேண்டும் என்பதும் சேர்ந்தே கிடக்கின்றன. “நேரில் பார்த்த தகவல்கள்” என்பது முதல் வகை. அது அட்டவணையின் கூறாகும். “போதுமான” என்பது இரண்டாம் வகை. அதைத்தான் நிலைகளாக விரிக்க வேண்டும்.

பிரிக்கும்போது மூன்று இடங்களில் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. “தெளிவாகவும் பிழையின்றியும்” என்பது இரண்டு தனிக் கூறுகள். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியும் ஒன்றும் விளங்காத அறிக்கை உண்டு. இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தால் அதற்கு எந்தக் கட்டமும் பொருந்தாது. இது அறிவியல் அறிக்கை என்பதால் தெளிவை மட்டும் வைத்துக்கொண்டு, பிழைகளைத் திருத்திக் கொடுப்பதோடு நிறுத்தலாம். “சொந்த முயற்சி” தாளில் நேரடியாகத் தெரியாது. அதன் தடயம் தெரியும்: போன நாள், நின்ற கரை, எண்ணிய எண்ணிக்கை. எனவே அது தகவல் என்ற கூறுக்குள் போய்ச் சேர்கிறது. உரிய நாளில் தருவது நல்ல பழக்கம், ஆனால் குளத்தைப் பற்றி மாணவர் என்ன கற்றார் என்பதை அது சொல்லாது. அதை அட்டவணைக்கு வெளியே தனியாகக் குறிக்கலாம். மிஞ்சுவது மூன்று கூறுகள்: தகவல், முடிவு, தெளிவு.

அடுத்தது நிலைகள். நான்கு வைப்பது வசதி. மூன்றோ ஐந்தோ வைத்தால் நடுவில் ஒரு கட்டம் கிடைக்கும், தீர்மானிக்க முடியாத தாள்களெல்லாம் அங்கே போய் விழும். ஆறு ஏழு என்று கூட்டினால், பக்கத்துப் பக்கத்து நிலைகளுக்கு உண்மையான வேறுபாடு எழுத முடியாமல் போகும்.

இனிதான் கடினமான பகுதி. ஆசிரியரின் பத்தி ஒரே ஒரு நிலையைத்தான் விவரிக்கிறது: அவர் எதிர்பார்க்கும் நிலையை. நான்கில் அது மூன்றாவது. மற்ற மூன்றும் பத்தியில் இல்லை. இதைக் கவனிக்காதவர்கள் அதே வாக்கியத்துக்கு “மிகச் சிறப்பாக”, “சிறப்பாக”, “ஓரளவு”, “குறைவாக” என்று அடை மாற்றி நான்கு கட்டங்களையும் நிரப்பிவிடுகிறார்கள். கட்டங்கள் நிறைந்திருக்கும், பழைய குழப்பமும் அப்படியே இருக்கும். அமெரிக்க மதிப்பீட்டியல் அறிஞர் ஜேம்ஸ் பாப்பம் 1997-இல் எழுதிய கட்டுரையில், ரூப்ரிக்குகளின் பெரிய குறைகளில் ஒன்றாக இந்த அளவுக்கு மீறிய பொதுத்தன்மையைத்தான் சுட்டினார்.

விடுபட்ட நிலைகளுக்கான விவரிப்பு மாணவர்களின் தாள்களில் கிடைக்கும். சென்ற ஆண்டின் அறிக்கைகள் பத்துப் பன்னிரண்டை எடுத்து, மதிப்பெண்ணைப் பாராமல் நான்கு அடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் உள்ளவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று எழுதிப் பார்க்க வேண்டும்.

“முடிவு” என்ற கூறையே எடுத்துக்கொள்வோம். ஒருவர், “குளம் அசுத்தமாக இருக்கிறது” என்று மட்டும் எழுதுகிறார். இன்னொருவர், ஆகாயத்தாமரை படர்ந்திருக்கிறது, சாக்கடை நீர் கலக்கிறது, தண்ணீர் நாறுகிறது என்று அடுக்குகிறார், ஆனால் ஒன்றோடொன்றைச் சேர்க்கவில்லை. மூன்றாமவர், சாக்கடை விழும் பக்கத்தில் ஆகாயத்தாமரை அடர்த்தியாக இருப்பதைக் காட்டி, கழிவுநீரில் உள்ள சத்துதான் அதை வளர்க்கிறது என்கிறார். நான்காமவர் அதையும் சொல்லிவிட்டு, ஆகாயத்தாமரை மிதக்கும் செடியாதலால் காற்றும் அதை அந்தப் பக்கம் ஒதுக்கியிருக்கலாம், இன்னொரு நாளும் பார்க்க வேண்டும் என்கிறார். ஒரு செய்தி, தொடர்பற்ற பல செய்திகள், தொடர்புபடுத்திய செய்திகள், அவற்றைத் தாண்டிய சிந்தனை என்ற இந்தப் படிகளை ஜான் பிக்ஸும் கெவின் காலிஸும் 1982-இல் ‘சோலோ’ என்ற வகைப்பாடாக வகுத்துத் தந்தார்கள். காரணம் கேட்கும் எந்தக் கூறுக்கும் அது கைகொடுக்கும்.

அட்டவணை இப்படி உருவாகிறது:

| கூறு | நிலை 1 | நிலை 2 | நிலை 3 | நிலை 4 |
|---|---|---|---|---|
| தகவல் | எந்தக் குளத்துக்கும் பொருந்தும் பொதுச் செய்திகள் | நேரில் பார்த்தவை உண்டு. இடம், நாள், அளவு இல்லை | இடமும் நாளும் உண்டு. எண்ணியோ அளந்தோ சொன்னவை உண்டு | மேலும், இரண்டு இடங்களையோ நாள்களையோ ஒப்பிடுகிறது |
| முடிவு | காரணமின்றி ஒரு கருத்து | பல செய்திகள், தொடர்பின்றி | பார்த்ததைக் காரணமாகக் காட்டி ஒரு முடிவு | மேலும், வேறு காரணம் இருக்கலாமா என்று ஆராய்கிறது |
| தெளிவு | ஆசிரியர் கேட்டுத்தான் புரிந்துகொள்ள முடிகிறது | சில இடங்களை மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது | குளத்தைப் பார்க்காதவருக்கும் ஒரு வாசிப்பில் விளங்குகிறது | மேலும், படமோ அட்டவணையோ சொற்களால் சொல்லாததைக் காட்டுகிறது |

“ஐந்து தகவல் இருந்தால் நிலை 3” என்று எழுதவில்லை என்பதைக் கவனிக்கலாம். எண்ணிக்கையை விதியாக்கினால் “தண்ணீர் இருக்கிறது, கரை இருக்கிறது” என்று ஐந்து வந்துவிடும்.

மதிப்பெண்ணுக்கு வருவோம். முடிவு சொல்வதுதான் இந்தப் பணியின் உயிர் என்றால் அதற்கு இரட்டிப்பு மதிப்புத் தரலாம். அப்போது மொத்தம் 4 + 8 + 4 = 16. எல்லாவற்றிலும் நிலை 3 பெற்றவருக்கு 12 கிடைக்கும். பத்துக்கு மாற்றினால் 7.5. எதிர்பார்த்ததைச் செய்தவருக்கு எட்டாவது தர வேண்டும் என்று ஆசிரியர் நினைத்தால், மாற்ற வேண்டியது இந்தக் கணக்கைத்தான். விவரிப்புகளில் கை வைக்கக் கூடாது.

வகுப்பில் கொடுக்கும் முன் ஒரு சோதனை உண்டு. பெயரை மறைத்து, ஐந்தாறு அறிக்கைகளை இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே மதிப்பிட வேண்டும். அங்கங்கே ஒரு நிலை முன்பின் வருவது இயல்பு. ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வேறுபட்டாலோ இரண்டு நிலை விலகினாலோ, அந்த வரிசையின் சொற்களைத் திருத்த வேண்டும். இந்த அட்டவணையில் அப்படிப்பட்ட இடம் “தெளிவு”தான். “சில இடங்கள்” ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அளவு. இருவரும் தாளைப் பக்கத்தில் வைத்துப் பேசி, எந்த வாக்கியம் தடுக்கியது, ஏன் என்று எழுதிக்கொண்டால் அந்தக் கட்டத்துக்கு நல்ல சொற்கள் கிடைக்கும்.

எவ்வளவு கவனமாக எழுதினாலும் கட்டத்துக்குள் அடங்காத அறிக்கை ஒன்று வரும். குளத்து மீன் பிடிப்பவரிடம் பேசி அவருடைய பல ஆண்டு அனுபவத்தை ஒரு மாணவி எழுதி வரலாம். அதற்காகக் கீழே ஒரு குறிப்பு வரியைக் காலியாக விட வேண்டும். அதே வகைக் குறிப்பு இரண்டு மூன்று தாள்களில் வந்துவிட்டால், அடுத்த ஆண்டு “தகவல்” வரிசையில் அதற்கு இடம் தர வேண்டும்.

அட்டவணையை மாணவர்கள் குளத்துக்குக் கிளம்பும் முன்பே அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். இடமும் நாளும் அளவும் வேண்டும் என்பதை அறிக்கை திருத்தி வந்த பிறகு படித்துப் பயனில்லை. அவற்றைக் குறித்துக்கொள்ளக் கரையில் நிற்கும்போதுதான் முடியும்.