பதில் தராத எண்பது பேர்

கல்லூரியில் புள்ளியியல் மாணவர்களுக்கு ஒரு கள ஆய்வு தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூலகம் இரவு 8 மணி வரை திறந்திருந்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று கண்டறிய வேண்டும். மொத்தம் 2,000 மாணவர்கள். 500 பேர் விடுதிவாசிகள். மீதி 1,500 பேர் தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர்கள். 200 பேரைத்தான் கேட்க முடியும்.

40 பேர் கொண்ட 50 வகுப்புகளில் ஐந்தைக் குலுக்கி எடுத்து, அவற்றில் உள்ள எல்லோரிடமும் கேட்பது கொத்து மாதிரி. அலைச்சல் மிச்சம். ஆனால் ஒரே வகுப்பில் படிக்கிறவர்களுக்கு அட்டவணையும் தேர்வும் ஒன்று என்பதால் பதில்களும் ஒரே பக்கம் சாயும். அந்த ஒற்றுமையின் அளவு வெறும் 0.05 என்றாலும், 200 பேரைக் கேட்டதற்குக் கிடைக்கும் துல்லியம், தனித்தனியே குலுக்கி எடுத்த சுமார் 68 பேரைக் கேட்டதற்குச் சமம்தான்.

அடுக்கு மாதிரி வேறு வகை. விடுதி, வெளியூர் என்று முதலிலேயே பிரித்து, விடுதியில் 50 பேர், பஸ்ஸில் வருகிறவர்களில் 150 பேர் என்று இரண்டிலும் குலுக்க வேண்டும். இந்தக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் தங்குமிடத்தைப் பொறுத்தது என்பதால் எனக்கு இதுதான் சரியெனப் படுகிறது.

சிக்கல் படிவம் திரும்பி வரும்போதுதான் தொடங்கும். விடுதியில் 45 பேர் பதில் தருகிறார்கள். அவர்களில் 36 பேர், அதாவது 80 சதவீதம், ‘வருவேன்’ என்கிறார்கள். பஸ் மாணவர்களில் பாதிப் பேர், 75 பேர்தான் நிரப்புகிறார்கள். அதில் ‘வருவேன்’ 15 பேர், 20 சதவீதம். மொத்தமாகக் கூட்டினால் 120க்கு 51, அதாவது 42.5 சதவீதம். இது தவறு, ஏனெனில் விடுதிக்காரர்களின் குரல் அளவுக்கு மீறி ஒலிக்கிறது. கல்லூரியில் அவர்கள் கால் பங்கு, மற்றவர்கள் முக்கால் பங்கு என்று எடை கொடுத்தால் 35 சதவீதமாக இறங்கும்.

பலரும் இங்கே நிறுத்திவிடுவார்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடியதால் படிவத்தை நிரப்பாதவர், மாலையில் நூலகத்தில் உட்காரவா போகிறார்? எடை போடுவதால் இந்தச் சாய்வு போகாது. படிவங்களை அள்ளிக் குவித்தாலும் போகாது: 1936இல் அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் சுமார் ஒரு கோடி வாக்குச்சீட்டுகளை அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் திரும்பப் பெற்றும், வென்ற ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அனுப்பிய பட்டியலே ஒருசாய்ந்தது. போதாக்குறைக்கு, திருப்பி அனுப்பாதவர்களிடம் ரூஸ்வெல்ட் ஆதரவு கூடுதலாக இருந்தது.

நம் ஆய்வில் ஒரு வழி உண்டு. பதில் தராத 75 பஸ் மாணவர்களில் 25 பேரைக் குலுக்கி, பஸ் நிறுத்தத்திலேயே பிடித்து இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்பது. இருவர் மட்டும் ‘வருவேன்’ என்றால் 8 சதவீதம். இந்தப் பிரிவில் பதில் தந்தவர் பாதி, தராதவர் பாதி என்பதால் சராசரி 14 சதவீதம்; மொத்தக் கணக்கு 30.5க்கு வருகிறது. விடுதியில் விடுபட்ட ஐந்து பேரும் மற்றவர்களைப் போலத்தான் என்று கொண்ட கணக்கு இது. அந்த 25 பேரில் பத்துப் பேர் மறுபடி நழுவிவிட்டால், 30.5ஐயும் அப்படியே நம்ப முடியாது. எத்தனை பேரைத் தேர்ந்தெடுத்தோம், எத்தனை பேர் பதில் தந்தார்கள் என்பதை ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனியே அறிக்கையில் எழுதினால்தான் படிப்பவருக்கு அது தெரியும்.