ஒரு வீட்டைக் கட்டி 48 வீடு: கணினியில் எழும் தோட்டத்து லயம்

சாஆ, லாபிஸ் வட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பர் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. மரங்களோடு பல தோட்டங்களின் லயங்களும் போய்விட்டன. அப்படி மறைந்துபோன ஒரு தோட்டத்தைப் பற்றி மூன்று நிமிடக் குறும்படம் எடுக்க நினைப்பவருக்கு முதல் தடையே படம்பிடிக்க இடம் இல்லை என்பதுதான். அந்தத் தோட்டத்தைக் கணினியில் முப்பரிமாணமாகக் கட்டிக்கொள்ளலாம். அதற்கான பிளெண்டர் மென்பொருள் இலவசம். 2025-இல் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கார் விருது பெற்ற லாட்வியா நாட்டின் 'ஃப்ளோ' பிளெண்டரில்தான் உருவானது.

ஒருமுறை கட்டியதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது நம் நாட்டுப் பிள்ளைகள் தினமும் பார்க்கும் விஷயம்தான். 2007 முதல் ஓடிக்கொண்டிருக்கும் 'உப்பின் இப்பின்' தொடரில் கம்போங் டுரியான் ருந்துவின் அதே வீடுகளும் அதே கடையும் கதைக்குக் கதை வருகின்றன. ஒவ்வொரு கதைக்கும் புதிதாக ஒரு கம்போங்கைக் கட்டிக்கொண்டிருந்தால் எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகாது.

கணினியில் எந்த உருவமும் சிறு சிறு முக்கோணங்களை ஒட்டித்தான் உருவாகிறது. அவை குறையக் குறைய கணினிக்குப் பாரம் குறையும். மரத்தண்டை வட்டமாகச் செய்யாமல் ஆறு பக்கமாகச் செய்தால் போதும். `Shade Flat` என்ற கட்டளையைக் கொடுத்தால் பக்கங்களின் விளிம்புகள் மறையாமல் மடித்த காகிதம்போல் தெரியும். அதுவே படத்தின் பாணியாகிவிடும். இப்படிச் செய்தால் ஒரு லயத்து வீடு 150 முக்கோணங்களுக்குள் அடங்கும்.

வேலை கணினியில் தொடங்குவதில்லை, அங்கே வாழ்ந்த ஒருவரோடு உட்கார்ந்து தாளில் வரைபடம் போடுவதில் தொடங்குகிறது. ஒரு லயத்துக்கு எத்தனை கதவு, கோயில் எந்தப் பக்கம் பார்த்தது, பிரட்டுக்களத்துக்கும் ஆயாக்கொட்டகைக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கேமரா எங்கெல்லாம் போகும் என்று முடிவு செய்தால், கட்ட வேண்டியவை பத்துப் பதினைந்து பொருள்களாகச் சுருங்கிவிடும். லயத்து வீடு, தண்ணீர்க் குழாய், சைக்கிள், பால் மரம், மங்கு, கோயில் என்று பட்டியல் அதற்குமேல் அவ்வளவாக நீளாது.

எடுத்துக்காட்டாக, லயத்துக்கு 6 கதவு என்று 8 லயங்கள் தேவை என்றால் மொத்தம் 48 வீடுகள். கட்ட வேண்டியது ஒன்றே ஒன்று. அதன் அகலத்தை 4 மீட்டர் என்று முழு எண்ணில் வைத்து, பொருளின் மையப்புள்ளியைக் கீழ் மூலையில் வைத்துவிட்டால், அடுத்த வீடு சரியாக 4 மீட்டர் தள்ளி இடைவெளியின்றி ஒட்டும். அகலம் 3.97 என்பதுபோல் இருந்தால் சுவருக்குச் சுவர் சிறு கீறல் விழும். பகலில் அது தெரியாது. விடியற்காலைக் காட்சியில் வீட்டுக்குள் விளக்கு வைத்ததும் கோடுகோடாக வெளிச்சம் கசியும்.

நகல் எடுக்கும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். `Shift+D` அழுத்தினால் தனி நகல் வரும். `Alt+D` அழுத்தினால் மூலத்தோடு தொடர்புள்ள நகல் வரும். 48 வீடுகளும் எழுந்தபின் பாட்டி பார்த்துவிட்டு, "எங்க வீட்டு அஞ்சடிப் பக்கம் கண்ணாடி ஜன்னல் ஏதுப்பா, பலகைக் கதவுதானே" என்று சொன்னால், முதல் வகையில் 48 ஜன்னல்களை மாற்ற வேண்டும். இரண்டாவது வகையில் ஒன்றை மாற்றினால் எல்லாம் மாறும். கதை நடக்கும் வீடு மட்டும் தனியாகத் தெரிய வேண்டுமானால், `Object > Relations > Make Single User` மூலம் அதன் தொடர்பை மட்டும் அறுத்துவிடலாம். ஒன்றை மறக்கக் கூடாது. நகலெடுக்கும் முன்பே `Ctrl+A` அழுத்தி `Scale` அளவை உறுதிப்படுத்திவிட வேண்டும். நகல்கள் பெருகிய பின் அதைச் செய்யப்போனால் பிளெண்டர் மறுக்கும், அல்லது தொடர்பை அறுக்கவா என்று கேட்கும்.

வண்ணத்துக்குப் பெரிய புகைப்படங்கள் தேவையில்லை. 64-க்கு 64 புள்ளிகள் கொண்ட ஒரே படத்தில் 64 சிறு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நிறம். சுண்ணாம்பு வெள்ளை, துருத் தகரம், செம்மண், பாசி பிடித்த சிமெண்டு என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகத்தையும் அதற்குரிய கட்டத்தின் நடுவில் கொண்டுபோய் வைத்தால் வேலை முடிந்தது. சுவரின் ஓரத்தில் அயல் நிறம் கோடாகத் தெரிந்தால் அந்த முகம் அடுத்த கட்டத்தில் கால் வைத்திருக்கிறது என்று பொருள். லயமெல்லாம் ஒரே அச்சாகத் தெரிவதைப் போக்க, `Object Info` கணுவின் `Random` மதிப்பை 0.9-க்கும் 1.1-க்கும் இடையில் சுருக்கி நிறத்தின் வெளிச்சத்தோடு இணைத்தால், ஒவ்வொரு வீடும் வெயிலில் சற்றே வேறு விதமாக வெளுத்ததுபோல் இருக்கும்.

மரங்களில்தான் உண்மையான சோதனை. ஒரே ரப்பர் மரத்தை நூறு முறை வைக்கும்போது சலிப்புத் தட்டாமலிருக்க, பலர் சிலவற்றைக் கண்ணாடிப் பிம்பம்போல் புரட்டிவிடுவார்கள். பாறைக்கும் புதருக்கும் அது சரி, பால் மரத்துக்கு ஆகாது. மரத்தை நேராகப் பார்த்து நின்றால் வெட்டுக்கோடு இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகச் சுமார் 30 பாகை சரிவில் இறங்கும். பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றே சாய்ந்து ஓடுவதால் இந்தச் சரிவில்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். புரட்டிய மரத்தில் கோடு எதிர்ப்பக்கம் சரியும். மரம் வெட்டிய கை உள்ளவர் அதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார், அதற்குமேல் அவர் கதையைப் பார்க்கமாட்டார். மரத்தைக் கண்டபடி சுழற்றினாலும் இதே வம்புதான், ஒரே நிரையில் மங்குகள் ஆளுக்கொரு திசை பார்க்கும். தண்டையும் வெட்டையும் அப்படியே விட்டுவிட்டு, கிளைத்தொகுதியைத் தனிப் பொருளாக்கி அதை மட்டும் சுழற்றுவதே நல்ல வழி.

புரட்டுவதால் இன்னொரு கெடுதலும் வரலாம். முகங்கள் உள்வெளியாகத் திரும்பி, வெளிச்சம் பட வேண்டிய இடம் கறுத்துப்போகும். `Face Orientation` காட்சியைத் திறந்தால் திரும்பிய முகங்கள் சிவப்பாகத் தெரியும்.

படத்தின் முடிவில் இன்றைய செம்பனையைக் காட்டினால், அதை ரப்பர் நிரைபோல் சதுரமாக நடக் கூடாது. மரத்துக்கு மரம் 9 மீட்டர் என்று முக்கோணமாக நடுவது பரவலான முறை. முதல் நிரையில் 9 மீட்டருக்கு ஒன்று. அடுத்த நிரை 7.8 மீட்டர் தள்ளி, 4.5 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து வரும். அந்தக் கணக்கில் ஓர் எக்டருக்கு ஏறத்தாழ 143 மரம். எல்லாமே ஒரே மரத்தின் தொடர்புள்ள நகல்களாக இருந்தால் சாதாரண மடிக்கணினியே தாங்கும்.

இவ்வளவு சிக்கனமும் எதற்கு என்பது கடைசிக் கட்டத்தில் தெரியும். நொடிக்கு 24 சட்டகம் என்றால் மூன்று நிமிடத்துக்கு 4,320 சட்டகங்கள். EEVEE முறையில் ஒன்றுக்கு 15 நொடி ஆனால் 18 மணி நேரத்தில் முடியும். ஒவ்வொரு ஒளிக்கதிரையும் கணக்கிடும் Cycles முறையில் ஒன்றுக்கு 3 நிமிடம் ஆனால் ஒன்பது நாள், இரவு பகலாக.

எந்த முறையானாலும் நேரடியாகக் காணொளியாகச் சேமிக்காமல் ஒவ்வொரு சட்டகத்தையும் தனித்தனி PNG படமாகச் சேமிப்பது நல்லது. ஜொகூர் மழையில் இடி இடித்து 3,000-ஆவது சட்டகத்தில் மின்சாரம் போனால் காணொளிக் கோப்பு திறக்காமலே போகலாம். PNG என்றால் 3,000-இலிருந்து தொடரலாம்.