எட்டு முழ வேட்டி: நழுவாமல், நேராகக் கட்டும் முறை

வேட்டி இடுப்பில் நிற்பதற்கு முடிச்சோ பொத்தானோ தேவையில்லை. துணி உடலை இரண்டு சுற்றுச் சுற்றி வருகிறது. மேல் ஓரம் சுருட்டப்பட்டு இறுகுகிறது. கடைசி நுனி உள்ளே சொருகப்படுகிறது. இந்த மூன்றும் சரியாக அமைந்தால் நாள் முழுவதும் வேட்டி அசையாது. கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் கட்டப்படும் எட்டு முழ வேட்டியைக் கட்டும் முறையும், ஒவ்வொரு படியும் சரியாக அமைந்ததா என்று பார்த்துக்கொள்ளும் அடையாளமும் இங்கே வரிசையாகத் தரப்படுகின்றன. ஐயர் வீட்டுச் சடங்குகளில் கட்டும் பஞ்சகச்சம் வேறு முறை. அது இதில் சேராது.

முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை உள்ள நீளம், ஏறக்குறைய 45 செ.மீ. எட்டு முழ வேட்டி சுமார் 3.6 மீட்டர் நீளம் இருக்கும். அதை நீளவாக்கில் இரண்டாக மடித்தால் 1.8 மீட்டர் இரட்டைத் துணியாகிறது. நான்கு முழ வேட்டி மடிக்காமலே அந்த நீளம்தான்; ஆகவே இரண்டையும் கட்டும் விதம் ஒன்றே. வேறுபாடு துணியின் கனத்தில் மட்டும். ஒற்றை வேட்டி மெலிதாக இருப்பதால் வெளிச்சத்தில் கால் தெரியும். இரட்டை வேட்டியில் அந்தத் தொல்லை இல்லை. அகலம் பெரும்பாலும் 1.25 மீட்டர் அளவில் இருக்கும். அகலத்தின் இரு ஓரங்களிலும் ஓடும் கரைகளில் ஒன்று கணுக்கால் பக்கமும் மற்றொன்று இடுப்புப் பக்கமும் வரும்.

கடையிலிருந்து வந்த புது வேட்டி கஞ்சி விறைப்போடு இருக்கும். விறைத்த துணி உடலோடு படியாது, சுருட்டினாலும் பிரிந்துவிடும். ஒருமுறை தண்ணீரில் அலசிக் காயவைத்து இஸ்திரி போட்டபின் கட்டுவது எளிது. சட்டையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். பனியனோடு நின்று கட்டினால் இடுப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியும்.

விளக்கத்துக்கு ஓர் அளவை எடுத்துக்கொள்ளலாம். கட்டுபவரின் உயரம் 170 செ.மீ., இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ. தொப்புள் மட்டத்திலிருந்து கணுக்கால் வரை அவருக்குச் சுமார் 100 செ.மீ. இருக்கும். வேட்டியின் அகலம் 125 செ.மீ. என்பதால் 25 செ.மீ. மிச்சம். இந்த மிச்சத்தை எங்கே வைப்பது என்று முதலிலேயே முடிவு செய்யாததால்தான் பலருக்கும் வேட்டி தரையில் புரள்கிறது.

முதல் படி: மடித்து வைத்தல்

வேட்டியைக் கட்டில்மீது விரித்து, கரைமேல் கரை பொருந்தும்படி நீளவாக்கில் இரண்டாக மடிக்க வேண்டும். இப்போது ஒரு முனையில் மடிப்பும் மறுமுனையில் இரண்டு திறந்த ஓரங்களும் இருக்கும். பிறகு மேல் கரைப் பக்கத்தை 15 செ.மீ. அளவுக்கு உள்நோக்கி மடித்துக் கையால் நீவிவிட வேண்டும். மிச்சத்தில் பெரும்பகுதி இங்கேயே அடங்கிவிடுகிறது. உயரம் குறைந்தவர் இன்னும் சற்று அதிகமாகவும், உயர்ந்தவர் குறைவாகவும் மடிக்கலாம்.

அடையாளம்: கீழ்க்கரைகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே கோடாகத் தெரிய வேண்டும். ஒன்று விலகித் தெரிந்தால், கட்டியபின் கணுக்காலிலும் இரட்டைக் கோடாகவே தெரியும்.

இரண்டாம் படி: முதுகுப்புறம் பிடித்தல்

கால்களைத் தோள் அகலத்துக்கு விலக்கி நிற்க வேண்டும். கால்களைச் சேர்த்து நின்று கட்டினால் நடக்க இடம் இராது. வேட்டியை முதுகுப்புறமாகக் கொண்டுவந்து, மடிப்பு உள்ள முனையை இடக்கையிலும் திறந்த முனையை வலக்கையிலும் பிடிக்க வேண்டும். மடிப்பு முனையே கடைசியில் வெளியே வரப்போகிறது. திறந்த முனை வெளியே வந்தால், நடக்கும்போது இரண்டு ஓரங்களும் பிரிந்து ஆடும்.

தமிழ்நாட்டில் பரவலாக வெளி ஓரம் வலப்பக்கம் வரும்படி கட்டுகிறார்கள். வீட்டு வழக்கம் இடப்பக்கமானால், இனி வரும் இடம் வலம் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டால் போதும்.

அடையாளம்: துணியின் மேல் விளிம்பு இடுப்புக்கு மேல் ஓர் உள்ளங்கை அகலம், அதாவது சுமார் 10 செ.மீ., உயர்ந்து நிற்க வேண்டும். கீழ்க்கரை கணுக்கால் எலும்பைத் தொட வேண்டும். குதிகாலுக்குக் கீழே போகக் கூடாது.

மூன்றாம் படி: அளவு பார்த்தல்

நேர்த்தியாகக் கட்டுபவர்கள் தவறாமல் செய்வதும், புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவதும் இதுதான். எதையும் சுற்றுவதற்கு முன், இடக்கையில் உள்ள மடிப்பு முனையை வயிற்றுக்குக் குறுக்கே கொண்டுவந்து வலது இடுப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். ஓரம் வலது இடுப்பு எலும்புக்கு நேரே செங்குத்தாக விழ வேண்டும். தொடை நடுவில் விழுந்தால் துணியை இடப்பக்கமாக இழுக்க வேண்டும். பின்புறம் தாண்டிப் போனால் வலப்பக்கமாக விட வேண்டும்.

90 செ.மீ. இடுப்பு உள்ளவருக்கு முதுகின் நடுவிலிருந்து இடப்புறமாக வந்து வலது இடுப்பை எட்ட ஏறக்குறைய 67 செ.மீ. துணி வேண்டும். மொத்தம் 180 செ.மீ. என்பதால் வலக்கைப் பக்கம் 113 செ.மீ. இருக்கும். ஆக, முதுகின் நடுவைத் துணியின் நடுவாக வைத்து இரண்டு கையிலும் சமமாகப் பிடிப்பது தவறு. உள்ளே போகும் பக்கம்தான் நீளமாக இருக்க வேண்டும்.

அடையாளம்: ஓரம் விழும் இடம் சரியானதும், முதுகில் படிந்த துணியை நகர்த்தாமல் மடிப்பு முனையை மறுபடி இடப்பக்கம் திறக்க வேண்டும்.

நான்காம் படி: உள் சுற்று

வலக்கைத் துணியை வயிற்றோடு ஒட்டி இடது இடுப்பு வரை கொண்டுபோக வேண்டும். இதற்கு 67 செ.மீ. செலவாகும், மீதி சுமார் 45 செ.மீ. இடது இடுப்பைத் தாண்டித் தொங்கும். இடது கட்டை விரலால் இடது இடுப்பில் துணியை அழுத்திக்கொண்டு, தொங்கும் மீதியை வலக்கையால் வலப்புறமாகத் திருப்பி, வயிற்றின்மேல் தட்டையாக நீவி வைக்க வேண்டும். இடது இடுப்பில் செங்குத்தாக ஒரு மடிப்பு விழும். மீதித் துணி சுருக்கமாகத் திரளாமல் முன்புறத்தில் இன்னோர் அடுக்காகப் படியும். காற்றில் வேட்டி விலகினாலும் கால் தெரியாது.

இந்த உள் சுற்றின் கீழ்க்கரையை ஒரு விரல் அகலம் மேலே தூக்கி வைக்க வேண்டும். உள் துணி வெளித் துணிக்கு அடியில் எட்டிப் பார்ப்பதுதான் அரைகுறைக் கட்டின் முதல் அறிகுறி. அரைஞாண் கயிறு கட்டியிருப்பவர் இடது இடுப்பு மடிப்பின் மேல்நுனியை அதில் சொருகிக்கொள்ளலாம்.

அடையாளம்: வயிற்றைத் தடவிப் பார்த்தால் மேடு பள்ளம் தட்டுப்படக் கூடாது.

ஐந்தாம் படி: வெளிச் சுற்று

வயிற்றை இலேசாக உள்ளே இழுத்துக்கொண்டு, மடிப்பு முனையை வலது இடுப்புக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே வலக்கை அதை வாங்கிக்கொள்ளும். விடுபட்ட இடக்கை, இடது இடுப்பிலிருந்து வலது இடுப்பு நோக்கி ஒருமுறை நீவிவிட வேண்டும். தளர்வு முழுவதும் அந்த ஓரத்தில் வந்து சேரும். அதைச் சற்று இழுத்தால் போய்விடும்.

அடையாளம்: இடுப்புக்கும் துணிக்கும் இடையே இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். நான்கு விரல் நுழைந்தால் தளர்ந்திருக்கிறது. இழுத்துச் சரிசெய்ய வேண்டும்.

ஆறாம் படி: சுருட்டிச் சொருகுதல்

இடுப்புக்கு மேல் நிற்கும் உள்ளங்கை அகலத் துணியை வெளிப்புறமாக மூன்று விரல் அகலத்துக்கு மடித்து, அதே அகலத்தில் மீண்டும் ஒருமுறை சுருட்ட வேண்டும். முதலில் தொப்புளுக்கு நேரே, பிறகு இருபக்க இடுப்பிலும், கடைசியாக முதுகுப்புறம் என்று சுற்றி வந்தால் பட்டை ஒரே அகலத்தில் அமையும். முடிவில் வலது இடுப்பில் உள்ள மேல் நுனியைச் சற்றே மேலே இழுத்து, பட்டைக்கும் உடலுக்கும் இடையில் சொருக வேண்டும்.

அடையாளம்: பட்டையைச் சுருட்டும்போது கீழ்க்கரை மேலே ஏறக் கூடாது. ஏறினால் சுருட்டல் இடுப்பைத் தாண்டிக் கீழே போயிருக்கிறது என்று பொருள். பிரித்து மறுபடி சுருட்ட வேண்டும்.

ஏழாம் படி: சோதித்தல்

ஒருமுறை மூச்சை நன்றாக இழுத்து விட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும். பந்தியில் தரையில் உட்கார வேண்டிய நாளானால், சம்மணம் போட்டு உட்கார்ந்தும் பார்த்துவிட வேண்டும். பத்தடி நடந்து வந்து, கண்ணாடியில் கீழ்க்கரையைப் பார்க்க வேண்டும்.

தவறு எங்கே என்பதைக் கரையே காட்டிவிடும். கரை முன்னால் உயர்ந்து பின்னால் தாழ்ந்தால், முதுகுப்புறம் பட்டை சுருட்டப்படாமல் விடப்பட்டிருக்கிறது. இடப்பக்கம் மட்டும் தொங்கினால் உள் சுற்று இடது இடுப்பில் நழுவியிருக்கிறது. மேலே சொருகி ஒப்பேற்ற முடியாது, நான்காம் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். நடக்கும்போது வலது கால் வெளியே தெரிந்தால் ஓரம் முன்னால் வந்துவிட்டது. மூன்றாம் படியில் அளவு தவறியிருக்கிறது. உட்கார்ந்து எழுந்ததும் பட்டை பிரிந்தால் ஐந்தாம் படியில் தளர்வு போகவில்லை.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. இடுப்புச் சுற்றளவு கூடக்கூட உள்ளே மடியும் மீதி குறைந்துகொண்டே போகும். 120 செ.மீ. இடுப்பு உள்ளவருக்கு 180 செ.மீ. துணி இரு பக்கமும் இடுப்பைத் தொடுவதோடு தீர்ந்துவிடும்; நடையில் எளிதில் விலகும். அப்படிப்பட்டவர்கள் நீளம் கூடிய வேட்டியாகக் கேட்டு வாங்குவது நல்லது. பட்டு வேட்டி வழுக்கும் என்பதால் எவ்வளவு நன்றாகச் சுருட்டினாலும் மெல்ல இறங்கும்; அதற்குப் பட்டையின்மேல் வேட்டி பெல்ட் போட்டுக்கொள்வதே வழி. பெல்ட் போடும்போதும் சுருட்டலை விட்டுவிடக் கூடாது. சுருட்டல் இல்லாத வேட்டி பெல்ட்டுக்கு அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு வரும்.

படியேறவும் வேலை செய்யவும் வேட்டியை மடித்துக் கட்டுவதுண்டு. முன்புறக் கீழ்க்கரையை இரண்டு கைகளாலும் ஒரே உயரத்தில் பிடித்து, முழங்கால் அளவுக்குத் தூக்கி, வலப்பக்க நுனியை இடது இடுப்பிலும் இடப்பக்க நுனியை வலது இடுப்பிலும் பட்டைக்குள் சொருக வேண்டும். பெரியவர்கள் முன்னிலையிலும் கோயிலுக்குள்ளும் இதை இறக்கிவிடுவது வழக்கம். இறக்கும்போது வேகமாக உருவினால் பட்டையும் சேர்ந்து பிரியும். ஒரு கை இடுப்புப் பட்டையை அழுத்திக்கொள்ள, மற்றக் கை நுனிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். இறக்கியதும் வலது இடுப்புச் சொருகலை ஒருமுறை தொட்டு இறுக்கிக்கொண்டால் கட்டு பழைய நிலைக்கு வந்துவிடும்.