உங்க டீமின் சம்பள ஆவரேஜை நம்பலாமா? எக்ஸெல்லில் 'அவுட்லையர்' பிடிப்பது எப்படி?

அப்ரைசல் சீசன். 13 பேர் கொண்ட ஒரு டீமின் மாதச் சம்பள ஷீட் உங்க கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொகை (ஆயிரத்தில்) இப்படி: 22, 24, 25, 28, 30, 31, 33, 35, 36, 40, 45, 62, 180. ஆவரேஜ் போட்டால் சுமார் 45,460 ரூபாய் வரும். ஆனால் 13 பேரில் 11 பேர் அதைவிடக் குறைவாகத்தான் வாங்குகிறார்கள். அந்த 1,80,000 ஆவரேஜை மேலே இழுத்துவிட்டது.

இந்த மாதிரி ஒட்டாத எண்ணைக் கண்ணால் தேடாமல், ஷீட்டையே கொடி காட்ட வைக்கலாம். சம்பளத்தை ஏறுவரிசையில் நிறுத்தினால், கீழிருந்து கால்வாசி தூரத்தில் இருப்பது முதல் குவார்ட்டைல் (நம்ம ஷீட்டில் 28,000). முக்கால்வாசி தூரத்தில் இருப்பது மூன்றாவது குவார்ட்டைல் (40,000). இரண்டுக்கும் நடுவிலுள்ள 12,000 தான் இன்டர்குவார்ட்டைல் ரேஞ்ச். அதாவது, நடுவில் இருக்கும் பாதிப்பேரின் சம்பளம் எவ்வளவு அகலத்துக்குப் பரவியிருக்கிறது என்ற கணக்கு. இதை ஒன்றரை மடங்காக்கினால் 18,000. கீழே 28,000-லிருந்து கழித்தால் 10,000. மேலே 40,000-உடன் கூட்டினால் 58,000. இந்த வேலிக்கு வெளியே நிற்பவை அவுட்லையர்கள். 1.5 என்ற அளவை அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அது ஒரு வசதியான கோடு, அவ்வளவுதான்.

B2 முதல் B14 வரை சம்பளம் இருந்தால், இவற்றை அந்தந்த செல்லில் டைப் செய்யுங்க:

```
E1: =QUARTILE.INC($B$2:$B$14,1)
E2: =QUARTILE.INC($B$2:$B$14,3)
E3: =E1-1.5*(E2-E1)
E4: =E2+1.5*(E2-E1)
C2: =IF(OR(B2<$E$3,B2>$E$4),"பார்க்க","")
D2: =PERCENTRANK.INC($B$2:$B$14,B2)
```

C2, D2 இரண்டையும் கடைசி வரிசை வரை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. D காலம்தான் பர்சென்டைல் ரேங்க். 33,000 வாங்குபவருக்கு 0.5 வரும்: மீதி 12 பேரில் 6 பேர் அவருக்குக் கீழே. டாலர் குறியை மறந்தால் ரேஞ்சும் கூடவே கீழே நழுவும்; ஏறுவரிசை ஷீட்டில் ரேங்க் கிட்டத்தட்ட எல்லாமே 0 என்று வந்து நிற்கும். இன்னொரு வில்லங்கம், 'ரூ.35000' என்று டைப் செய்த செல். எக்ஸெல் அதை எழுத்தாகத்தான் பார்க்கும். குவார்ட்டைல் கணக்கில் சேர்க்காது. ஆனால் ஒப்பிடும்போது எழுத்தை எண்ணைவிடப் பெரியதாக எடுத்துக்கொள்வதால், பாவம், அவருக்கும் கொடி விழும்.

சரி, இப்போது கொடி விழுந்தது இரண்டு பேருக்கு: 62,000, 1,80,000. இங்கேதான் பலர் அவசரப்பட்டு வரிசையை டெலீட் செய்கிறார்கள். நாம் 'அவுட்லையர்' என்று எழுதாமல் 'பார்க்க' என்று எழுதியதே அதற்காகத்தான்.

1,80,000-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்க. 15,000. ஆண்டுச் சம்பளத்தை மாதக் காலத்தில் போட்டிருக்க வாய்ப்பு உண்டு. ஆஃபர் லெட்டரைப் பார்த்து அது உறுதியானால் கதையே தலைகீழ்: டீமிலேயே அதிகம் வாங்குவதாகத் தெரிந்தவர், உண்மையில் ஆகக் குறைவாக வாங்குபவர். டெலீட் செய்திருந்தால், இன்கிரிமென்ட் அதிகம் தேவைப்படும் ஆளே லிஸ்ட்டில் இருந்திருக்க மாட்டார். பர்சென்டைல் ரேங்க் மட்டும் பார்த்திருந்தாலும் இது சிக்கியிருக்காது; 62,001 வாங்கினாலும் 1,80,000 வாங்கினாலும் முதலிடத்துக்கு அது 1 என்றுதான் சொல்லும். இடம் தெரியும், தூரம் தெரியாது.

திருத்திய பிறகு ஆவரேஜ் சுமார் 32,770-க்கு இறங்குகிறது. நடுச் சம்பளமான மீடியன் 33,000-லிருந்து 31,000-க்கு மட்டும் நகர்கிறது. 33,000 வாங்குபவரின் ரேங்க் 0.583 ஆகிறது. அவர் சம்பளம் மாறவே இல்லை!

62,000? முதல் ஷீட்டில் QUARTILE.INC-க்குப் பதில் QUARTILE.EXC போட்டிருந்தால் மேல் வேலி 66,500 ஆகி, இவர் தப்பித்திருப்பார். இரண்டு ஃபார்முலாவும் குவார்ட்டைலைக் கொஞ்சம் வேறு இடத்தில் எடுக்கின்றன. சின்ன டீமில் அந்த வித்தியாசமே ஒருவருக்குக் கொடி விழுமா விழாதா என்று முடிவு செய்துவிடும். அதனால் எதைப் பயன்படுத்தினீர்கள் என்று ஷீட்டிலேயே எழுதி வையுங்க. திருத்திய ஷீட்டில் மேல் வேலி INC-ல் 52,500, EXC-ல் 58,250. இரண்டிலுமே 62,000 வெளியேதான். அவர் டீம் லீட் என்றால் அதில் தப்பே இல்லை. லீட்களைத் தனி டேபிளில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

கீழ் வேலியை மட்டும் ரொம்ப நம்பாதீங்க. சம்பளம் அகலமாகப் பரவிய கம்பெனியில், உதாரணமாக குவார்ட்டைல்கள் 15,000, 45,000 என்றால், கீழ் வேலி மைனஸ் 30,000. ஒரு சைபர் விட்டுப்போய் 3,000 என்று பதிவான சம்பளம் அங்கே கொடியே இல்லாமல் உட்கார்ந்திருக்கும். அதற்கு ஏறுவரிசையில் சார்ட் செய்து முதல் நாலு வரிசையைக் கண்ணால் பார்ப்பதுதான் வழி.