தெரியுமா? கண்ணுக்குச் சரியாகத் தெரியும் தமிழ், காதுக்குக் கேட்காமலே போகலாம்!

ஒரு சங்கத்தின் இணையப் பக்கம். அதில் ஓர் அறிவிப்பு: "பொதுக்குழுக் கூட்டம் 15 ஆம் தேதி மாலை 5.30 மணிக்கு நடைபெறும்." திரையில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. பார்வையற்ற நண்பர் ஒருவர் அதே பக்கத்தைத் தன் கணினியில் திறந்தார். அவருக்குப் படித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர், அதாவது திரைவாசிப்பான், சொன்னது இவ்வளவுதான்: "ஃபிஃப்டீன்... ஃபைவ் பாயின்ட் த்ரீ ஸீரோ."

என்ன பதினைந்து? எதற்கு அஞ்சரை? ஒன்றும் புரியாமல் அவர் எனக்குப் போன் செய்தார். பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பார்த்தேன். முழு அறிவிப்பையும் விழுங்கியது வெறும் இரண்டு எழுத்து! அது எது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், தமிழ் எழுத்து திரைக்கு வந்து சேரும் வழியைப் பாருங்கள். வழியெல்லாம் ஆச்சரியம்!

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து தெரியுமா?

மூன்று என்று நாம் சொல்வோம். யூனிகோடு ஐந்து என்கிறது: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. கோப்பில் எழுதும்போதோ அது 15 பைட்டு ஆகிவிடுகிறது! இன்று இணையம் முழுக்கப் பயன்படும் `utf-8` குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு வேண்டும்.

```
த   E0 AE A4
ம   E0 AE AE
ி   E0 AE BF
ழ   E0 AE B4
்   E0 AF 8D
```

இந்தக் குறிமுறையை 1992 இல் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் சேர்ந்து உருவாக்கினார்கள். நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் சாப்பாட்டு மேசையில், தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் பிறந்த யோசனை அது! ஐந்து வரியையும் இன்னொரு முறை பாருங்கள். எல்லாமே `E0` என்றுதான் தொடங்குகின்றன. அடுத்தது `AE` அல்லது `AF`. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் இதே தலைப்புதான். இதை நினைவில் வையுங்கள், அடுத்த மர்மத்துக்கு இதுதான் சாவி.

தமிழ் ஏன் ‘à®’ ஆகிறது தெரியுமா?

பக்கத்தைத் திறந்தால் தமிழுக்குப் பதில் இப்படி வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்:

```
à®¤à®®à®¿à®´à¯
```

இதுவும் ‘தமிழ்’தான்! அதே 15 பைட்டு. பிரவுசருக்கு ‘இது `utf-8`’ என்று யாரும் சொல்லவில்லை. அதனால் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய `windows-1252` பட்டியலை வைத்து ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி எழுத்தாகப் படித்துவிட்டது. அந்தப் பட்டியலில் `E0` என்றால் à, `AE` என்றால் ®. தமிழ்க் குறி எல்லாவற்றுக்கும் தலைப்பு ஒன்றே என்பதால்தான் à® திரும்பத் திரும்ப வருகிறது.

அந்தக் குப்பையின் வாலையும் பாருங்கள். புள்ளிக்கு உரிய மூன்று பைட்டில் இரண்டுதான் தெரிகிறது. `8D` என்ற கடைசிப் பைட்டுக்கு அந்தப் பட்டியலில் காட்ட ஓர் உருவம் கிடையாது, ஒளிந்துகொள்கிறது! ஆகவே இந்தக் குப்பையைத் திரையிலிருந்து பார்த்து எழுதித் தமிழாக்க முயன்றால் புள்ளிகள் தொலைந்து போகும். திருத்த வேண்டியது குறிமுறை அறிவிப்பை, எழுத்தை அல்ல.

குப்பையைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம், தெரியுமா?

à® வந்தால் பயப்பட வேண்டாம். பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, குறிமுறையைத் தவறாக அறிவித்திருக்கிறோம், அவ்வளவுதான். வெறும் கட்டங்கள் வந்தால் குறிமுறை சரி. அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வந்தால், வேறு குறிமுறையில் சேமித்த கோப்பை `utf-8` என்று அறிவித்திருக்கிறோம். அறிவிப்பு கோப்பை மாற்றி எழுதாது. எடிட்டரில் கோப்பை அதே குறிமுறையில் சேமிக்கவும் வேண்டும்.

நெஞ்சை அடைக்க வைப்பது நான்காவது: `?????` என்று சாதாரணக் கேள்விக்குறிகள். எண்ணிப் பாருங்கள், ‘தமிழ்’ என்பதற்குச் சரியாக ஐந்து! தரவுத்தளத்தின் அட்டவணை `latin1` போன்ற பழைய குறிமுறையில் இருந்து, தமிழை அதற்குள் திணித்தால் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி எழுதப்படலாம். அங்கே தமிழ் இப்போது இல்லவே இல்லை. பக்கத்தில் எதைத் திருத்தினாலும் திரும்பி வராது; பழைய நகலிலிருந்து மறுபடி ஏற்றுவதுதான் வழி.

குறிமுறையை அறிவிக்கும் ஒற்றை வரிக்கு 1024 பைட்டு எல்லை உண்டு, தெரியுமா?

எச்டிஎம்எல் பக்கத்தின் தலை இப்படி இருந்தால் போதும்:

```html
<!DOCTYPE html>
<html lang="ta">
<head>
<meta charset="utf-8">
<title>பொதுக்குழுக் கூட்டம்</title>
```

`charset` வரி கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது விதி. தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டு. 341 குறியிலேயே எல்லை வந்துவிடும். மேலே நீண்ட தமிழ்த் தலைப்பையும் விளக்கக் குறிப்பையும் எழுதிவிட்டு இந்த வரியைக் கீழே தள்ளினால் பிரவுசர் ஊகிக்கத் தொடங்கலாம். `<head>` திறந்ததும் முதல் வரியாக வைத்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக வைத்தும் à® போகவில்லையா? இதோ இன்னோர் அதிசயம். பக்கத்தை அனுப்பும் சர்வரும் தன் பங்குக்கு ஒரு குறிப்பு அனுப்புகிறது. அதில் `charset=iso-8859-1` என்று இருந்தால், உங்கள் வரியைப் பிரவுசர் பொருட்படுத்தாது. சர்வர் சொன்னதே சட்டம்! பிரவுசரில் F12 அழுத்தி, கன்சோலில் இதைத் தட்டுங்கள்:

```js
document.characterSet
```

`UTF-8` என்று வர வேண்டும். `windows-1252` என்று வந்தால் கோளாறு பிடிபட்டது. சர்வர் `iso-8859-1` என்று சொன்னாலும் பிரவுசர் அதை `windows-1252` ஆகவே எடுத்துக்கொள்ளும், பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அப்பாச்சி சர்வரின் பொது அமைப்பில் பழைய குறிமுறை இருந்தால், `.htaccess` கோப்பில் `AddDefaultCharset utf-8` என்ற ஒரே வரி பெரும்பாலும் அதைத் தீர்த்துவிடும்.

தமிழின் குறி ‘tn’ அல்ல, தெரியுமா?

இப்போது நம் இரண்டு எழுத்துக்கு வருவோம். நண்பருக்கு வந்த பக்கத்தின் இரண்டாம் வரி `<html lang="en">`. ஆயத்தமாகக் கிடைக்கும் ஆங்கில வார்ப்புரு ஒன்றை எடுத்து உள்ளே தமிழை நிரப்பியிருக்கிறார்கள். `en` அப்படியே தங்கிவிட்டது. திரையில் இதனால் எதுவும் மாறாது, அதனால் யார் கண்ணிலும் படவில்லை. திரைவாசிப்பானோ அந்த வரியைப் பார்த்துத்தான் குரலைத் தேர்கிறது. ஆங்கிலக் குரல்களில் சில, தமிழ் எழுத்தைக் கண்டால் சத்தமே இல்லாமல் தாண்டிப் போய்விடும். எண்களை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லும். அதுவும் மணியைப் புள்ளி வைத்த எண்ணாக!

சரி, என்ன எழுதலாம்? தமிழ்நாடு என்று நினைத்து `tn` போட்டால் அது ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் பேசும் ஸெட்ஸ்வானா மொழி! `te` தெலுங்கு, `tl` தகலோக். `tamil` என்று முழுதாக எழுதினாலும் செல்லாது. தமிழுக்கு `ta` மட்டுமே. நாட்டு வழக்கைப் பிரித்துக் காட்டத் தேவை இருந்தால் `ta-IN`, `ta-LK`, `ta-SG`, `ta-MY` என்று எழுதலாம்.

பக்கத்தின் நடுவே முழு ஆங்கில வாக்கியம் வந்தால் அதைச் சுற்றி மட்டும் `lang="en"` போடுங்கள். ஆங்கிலப் பக்கத்தில் தமிழ்ப் பத்தி வந்தால் `<p lang="ta">`. பஸ், பேங்க் போன்ற சொற்களுக்கு எதுவும் வேண்டாம், அவை நம் வாயில் தமிழாகவே ஒலிக்கின்றன. சொல்லுக்குச் சொல் குரல் மாறினால் கேட்பவருக்கு மூச்சு முட்டும்.

கேட்பவர் பக்கமும் ஒரு வேலை உண்டு. அவர் கணினியில் தமிழ்க் குரல் இருக்க வேண்டும். விண்டோஸில் நிறுவிக்கொள்ளும் தமிழ்க் குரலின் பெயர் என்ன தெரியுமா? வள்ளுவர்! இலவசமாகக் கிடைக்கும் ஈஸ்பீக் என்ஜியிலும் தமிழ் உண்டு. என்விடிஏ திரைவாசிப்பானில் பேச்சு அமைப்புக்குள் தானாக மொழி மாறும் வசதி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

‘ta’ போட்டும் தீராத தமிழ் உண்டு, தெரியுமா?

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய ‘தமிழ்’ உண்மையில் கோப்புக்குள் `jkpo;` என்றுதான் கிடக்கிறது. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேடம்! திரைவாசிப்பானுக்கு வேடம் தெரியாது. ஜே, கே, பி என்று ஆங்கிலத்தைத்தான் அது காணும். கண்டுபிடிப்பது எளிது: பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்தாக மாறினால் முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றாமல் வழியில்லை.

யூனிகோடிலும் ஒரு கண்ணி உண்டு. ‘கௌரவம்’ என்பதையும் ‘கெளரவம்’ என்பதையும் பாருங்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரிகிறதா? முதலாவதில் ஔகாரம் ஒரே குறி. இரண்டாவதில் எகரக் கொம்பும் ‘ள’ என்ற எழுத்தும் தனித்தனி! கன்சோலில் நீளம் கேட்டால் ஒன்று 6, மற்றது 7. காதுக்கோ இரண்டாவது ‘கெ-ள-ரவம்’. ஔவையாரும் இப்படித்தான் ‘ஒ-ள-வையார்’ ஆகிவிடுகிறார். விசைப்பலகையில் ஔகாரத்துக்கு உரிய விசையைத் தட்டினால் மட்டுமே இது சரியாகும்.

அந்தச் சங்கத்துப் பக்கத்தில் எந்தக் கண்ணியும் இல்லை. `en` இருந்த இடத்தில் `ta` எழுதிச் சேமித்ததும் நண்பரை மறுபடி திறக்கச் சொன்னேன். போனிலேயே எனக்கும் கேட்டது: "பொதுக்குழுக் கூட்டம் பதினைந்து ஆம் தேதி மாலை..." 5.30 ஐத் தமிழிலும் அது ‘ஐந்து புள்ளி மூன்று பூஜ்யம்’ என்றே சொன்னது. அது பரவாயில்லை, எதற்கு அஞ்சரை என்று இப்போது அவருக்குத் தெரியும்.